மிரட்டியவரும் பரிசு தருவதாகச் சொன்னவரும் ஒருவரே

கேள்வி: கடலூர் திருப்பாப்புலியூரில் வசிக்கிறேன். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், என் கைபேசியில் என் ஜிமெயில் கணக்கு வழியாக ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுவான். சென்ற சனிக்கிழமை அரியாங்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அப்போது வாட்ஸ்அப்பில், "விளையாட்டு உதவி மையம். உங்கள் ஐடி மீது ஹேக் புகார் வந்துள்ளது. 24 மணி நேரத்தில் நிரந்தரமாக முடக்கப்படும். உடனே சரிபார்த்தால் இழப்பீடாக 5,000 டைமண்ட்" என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. அதிலிருந்த இணைப்பில் ஜிமெயில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டான். பிறகு ஒருவர் அழைத்து, பணம் அனுப்பும் செயலியில் "4999 என்ற குறியீட்டை" போடச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை போட்டதில் 9,998 ரூபாய் போய்விட்டது. கடையில் பொருள் வாங்குவதற்காக பின் எண்ணை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் கணக்கு புதுச்சேரிக் கிளையில் இருக்கிறது. "நீங்களே பின் போட்டிருக்கிறீர்கள், எதுவும் செய்ய முடியாது" என்கிறார் வங்கி ஊழியர். தடைசெய்யப்பட்ட விளையாட்டு என்பதால் போலீசுக்குப் போகப் பயமாக இருக்கிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் ஐடியை மீட்டுத் தருவதாக இன்ஸ்டாகிராமில் ஒருவர் சொல்கிறார். போனது விளையாட்டு ஐடிதானே, அதை மட்டுமாவது மீட்டுவிடலாமா? மகன் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள் என்றும், அந்த 1,500 ரூபாய்க்காரருக்குப் பதில் எழுதாதீர்கள் என்றும் மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த இரண்டுக்கும் காத்திருக்க நேரம் இல்லை. மற்றவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். விடுமுறை நாட்களில் இதே வேலை இன்னும் பல வீடுகளில் நடக்கும்.

முதலில் உங்கள் மகனைப் பற்றி. அவன் குற்றவாளி அல்ல, ஏமாற்றப்பட்டவன். இன்னொருவராக நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் குற்றம். பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏமாற்றிப் பணம் பெற்றதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. இவையெல்லாம் அந்த ஆள் மீது பாயும் பிரிவுகள், உங்கள் பையன் மீது அல்ல.

தடை பற்றிய பயமும் வேண்டாம். 2022 பிப்ரவரியில் இந்தியாவில் முடக்கப்பட்டது ஃப்ரீ ஃபயர் என்ற செயலி. உங்கள் மகன் விளையாடுவது ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். அது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த முடக்க உத்தரவும் செயலியைக் கிடைக்காமல் செய்வதற்கானது, விளையாடிய பிள்ளைகளைத் தண்டிப்பதற்கானது அல்ல. "தடைசெய்த விளையாட்டு, போலீசுக்குப் போனால் நீங்கள்தான் மாட்டுவீர்கள்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் பணத்தைப் பறித்தவர் தரப்பிலிருந்தே வந்த பேச்சாக இருக்கும்.

போனது விளையாட்டு ஐடி மட்டும் அல்ல

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது 9,998 ரூபாய் அல்ல, "விளையாட்டு ஐடிதானே" என்ற சொல். அந்த விளையாட்டுக்குத் தனியாகக் கடவுச்சொல் கிடையாது. உங்கள் கூகுள் கணக்கின் தோளில் ஏறித்தான் அது உள்ளே போகிறது. ஆகவே மகன் கொடுத்தது உங்கள் ஜிமெயிலின் கடவுச்சொல். ஆதார் அட்டையை எப்போதோ படம் எடுத்திருப்பீர்கள், அது கூகுள் போட்டோஸில் இருக்கும். வங்கி அறிக்கை ஜிமெயிலில் இருக்கும். கணவருடைய விசா நகல் யாரோ அனுப்பிய மின்னஞ்சலில் கிடக்கும். மற்ற செயலிகளில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய இணைப்பு வந்து சேருவதும் அதே ஜிமெயிலுக்குத்தான்.

கடவுச்சொல் தெரிந்தால் மட்டும் உள்ளே வந்துவிட முடியாதே, கைபேசியில் கேட்டிருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டிருக்கும். போலிப் பக்கத்தில் மகன் கடவுச்சொல்லைத் தட்டும் அதே நேரத்தில், மறுமுனையில் இருப்பவர் அதை உண்மையான கூகுளில் போடுகிறார். கூகுள் உங்கள் கைபேசிக்கு "நுழைய முயல்வது நீங்களா?" என்று அனுப்புகிறது. போலிப் பக்கமோ, "சரிபார்ப்புக்காக உங்கள் கைபேசியில் வரும் அறிவிப்பில் ஆம் என்று அழுத்தவும்" என்று சொல்லிவைத்திருக்கும். சில சமயம் இரண்டு இலக்க எண் ஒன்றைக் காட்டி அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பையன் அழுத்துகிறான், வந்தவர் உள்ளே போய்விடுகிறார். மகனிடம் திட்டாமல் கேட்டுப் பாருங்கள், இப்படி ஏதோ அழுத்தியதாகச் சொல்வான். அந்த அறிவிப்பில் எந்தக் கைபேசி, எந்த ஊர் என்ற விவரமும் இருக்கும். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

ஆகவே இன்றே செய்யவேண்டியவை இவை. வீட்டில், வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கைபேசியில் கூகுள் கணக்கைத் திறந்து பாருங்கள். திறந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைப் பார்த்து, அறியாத கைபேசியையோ கணினியையோ வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில், உங்களுக்கு வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பும்படி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்பதையும் கணினியில் ஒருமுறை சோதியுங்கள். பலர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அஞ்சலின் நகலோ வாரக்கணக்கில் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கணக்கு திறக்கவில்லையென்றால் `g.co/recover` என்ற முகவரிக்குப் போங்கள். அங்கே ஒரு கால வரம்பு இருக்கிறது. திருடியவர் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றிய நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு பெறும் வாய்ப்பைக் கூகுள் தரக்கூடும். புதன், வியாழன் என்று தள்ளிப்போட்டு அடுத்த சனிக்கிழமையைத் தாண்டிவிடாதீர்கள். கூகுள் கணக்கு கைக்கு வந்துவிட்டால், விளையாட்டு ஐடியும் பெரும்பாலும் அதன் பின்னாலேயே வந்துவிடும். 1,500 ரூபாய்க்காரருக்கு அங்கே வேலையே இல்லை.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கு பறிபோனது என்று மகன் எங்காவது எழுதியிருப்பான், அதைப் பார்த்து வந்திருப்பார். அல்லது பறித்தவரே வேறு பெயரில் வந்திருப்பார். கூகுளுக்குள்ளோ விளையாட்டு நிறுவனத்துக்குள்ளோ வெளியாள் கைவிட்டு ஐடியை எடுத்துத் தர வழி கிடையாது. பணம் கொடுத்தால், "சர்வர் கட்டணம்" என்று இன்னொரு 2,000 கேட்பார்.

அந்தச் செய்தியை எப்படிப் படித்திருக்க வேண்டும்

எழுத்துப் பிழை இருக்கும், சின்னம் மங்கலாக இருக்கும் என்று பழைய அறிவுரை ஒன்று உண்டு. அதை மறந்துவிடுங்கள். இன்று வரும் செய்திகள் பிழையில்லாத தமிழில், அசல் சின்னத்தோடு வருகின்றன. பார்க்கவேண்டியது வேறு: செய்தி எந்த வழியாக வந்தது, என்ன கேட்கிறது.

விளையாட்டு நிறுவனம் ஒரு ஐடியை முடக்க நினைத்தால் அதற்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை, ஐடி அவர்களுடைய சர்வரில்தான் இருக்கிறது. பரிசு கொடுக்க நினைத்தாலும் தேவையில்லை. விளையாட்டுக்குள் காசு போலச் செலவழிக்கும் டைமண்டின் கணக்கும் அங்கேதான், பரிசு விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் அஞ்சல் பெட்டியில் வந்து விழும். எனவே வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ தேடிவந்து "சரிபார்" என்று சொல்லும் உதவி மையம் எதுவும் உண்மையானது அல்ல. உதவி வேண்டுமென்றால் விளையாட்டுக்குள்ளே இருந்து நாம்தான் அவர்களிடம் போகவேண்டும். உங்களுக்கு வந்த செய்தியில் மிரட்டலும் பரிசும் ஒன்றாகவே இருந்தன. சில நேரம் இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு எண்களிலிருந்து அனுப்புவார்கள். மிரட்டலுக்கு மசியாத பிள்ளை பரிசுக்கு மசிவான் என்ற கணக்கு.

"லாகின் கேட்டாலே மோசடி" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கும் பெற்றோர் உண்டு. அது அவ்வளவு சரியில்லை. பரிசுக் குறியீடுகளைப் பயன்படுத்த இந்த விளையாட்டுக்கு உண்மையிலேயே ஒரு தளம் இருக்கிறது, `reward.ff.garena.com`. அதுவும் கூகுள் அல்லது ஃபேஸ்புக் வழியாக நுழையச் சொல்லும். ஆகவே உங்கள் மகன் முன்பு சரியான தளத்தில் இதைச் செய்து பழகியிருக்கலாம், போலித் தளத்திலும் அதையே செய்திருக்கலாம். அவனுடைய பழக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அவன் முட்டாள்தனமாக நடந்ததாக நான் நினைக்கவில்லை.

வித்தியாசம் முகவரியில் இருக்கிறது. உதாரணத்துக்கு நானே உருவாக்கிய ஒரு முகவரி:

```
https://reward.ff.garena.com.ff-support.example/login
```

இடமிருந்து வலமாகப் படித்தால் முதலில் கண்ணில் படுவது அசல் தளத்தின் பெயர். கைபேசித் திரையில் நீளமான முகவரியின் ஒரு பகுதிதான் தெரியும் என்பதால், அதோடு நின்றுவிடுவோம். படிக்கவேண்டிய விதம் வேறு. `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, கடைசி இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது `ff-support.example`. தளத்தின் சொந்தக்காரர் அவர்தான். அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் அவர் இஷ்டம்போல எழுதிக்கொள்ளலாம், கூகுள் என்றோ ரிசர்வ் வங்கி என்றோ எழுதினாலும் தடுப்பார் இல்லை. அசல் தளத்தில் இதே இடத்தில் `garena.com` என்று இருக்கும். முகவரி `.co.in`, `.org.in`, `.gov.in` போல முடிந்தால் மூன்று துண்டுகளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதே சோதனையை லாகின் பக்கத்திலும் செய்யவேண்டும். கூகுள் கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் முகவரி `accounts.google.com` என்றிருக்க வேண்டும். சில போலித் தளங்கள் தனிச் சாளரம் திறந்தது போலப் படம் வரைந்து, அதற்குள்ளேயே ஒரு முகவரிப் பட்டையையும் வரைந்து, அதில் கூகுளின் பெயரை எழுதிவைக்கின்றன. மேலே இருக்கும் உண்மையான முகவரிப் பட்டையைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. இன்னொரு அடையாளமும் உண்டு: உங்கள் கைபேசியில் ஏற்கெனவே கூகுள் கணக்கு இருக்கும்போது, குரோம் உலாவியில் உண்மையான தளம் பெரும்பாலும் "எந்தக் கணக்கு?" என்று மட்டும்தான் கேட்கும். கடவுச்சொல்லை முழுதாகத் தட்டச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். இது எல்லா நேரமும் பொருந்தாது. இன்ஸ்டாகிராம் போன்ற செயலிக்குள்ளேயே இணைப்பு திறந்தால் அசல் தளமும் கடவுச்சொல் கேட்கக்கூடும். அதனால் இது சந்தேகத்துக்கான காரணம் மட்டுமே, முகவரிதான் தீர்ப்பு.

பூட்டுச் சின்னம் இருந்தது என்று மகன் சொல்லக்கூடும். அது, தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போகும் தகவலை நடுவில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. தளம் யாருடையது என்று அது சொல்வதில்லை. திருடர் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும், இலவசமாகவே. இந்தக் குழப்பம் காரணமாகவே 2023-இல் குரோம் அந்தச் சின்னத்தை மாற்றிவிட்டது.

பணமும் வங்கியும்

"4999 என்ற குறியீடு" தந்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பணம் அனுப்பும் செயலியில் தொகை எழுதும் கட்டத்தைத் திறக்கச் சொல்லி, அங்கே போடவேண்டிய எண்ணைச் சரிபார்ப்புக் குறியீடு என்று சொல்லிவிட்டார். பையன் தொகை எழுதுவதாகவே நினைக்கவில்லை. பிறகு "தோல்வி அடைந்துவிட்டது, திரும்ப வருவதற்கு இன்னொரு முறை" என்றிருப்பார். யுபிஐ பின் எண் பணம் அனுப்புவதற்கு மட்டுமே, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பின் எண்ணையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

வங்கி ஊழியர் சொன்னது பாதி சரி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைகளைப் பற்றியது. வெளியாள் ஒருவரின் செயலால் பணம் போய், அதில் வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர் தன் கவனக்குறைவால் ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. உங்கள் வீட்டில் பின் போடப்பட்டிருக்கிறது. அந்த 9,998 ரூபாயை வங்கியே ஏற்கவேண்டும் என்று வாதிடுவது கடினம், உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை.

ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. திருடப்பட்ட ஜிமெயிலை வைத்து நாளை உங்களுக்குத் தெரியாமல் ஒரு பரிவர்த்தனை நடந்தால், அது வேறு வகை. அதில் தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கு. ஆகவே வாய்மொழியாகப் பேசிவிட்டு வந்தது போதாது. எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை.

பணம் திரும்பும் உண்மையான வாய்ப்பு 1930-இல் இருக்கிறது. நீங்கள் சொல்லும் விவரத்தைக் கொண்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கே தொகை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்திவைப்பார்கள். அதனால்தான் மணிக்கணக்கு முக்கியம். அழைப்பதற்கு முன் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 12 இலக்க யுடிஆர் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும். நிறுத்தப்பட்ட பணம் உடனே உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. காவல்துறை நடைமுறை முடிந்து, தேவைப்படும் இடத்தில் நீதிமன்ற உத்தரவும் கிடைத்த பிறகே வரும். சில நாட்கள் கழிந்துவிட்டதால், கிடைக்காமலும் போகலாம். அப்படியானாலும் புகார் வீண் அல்ல. உங்கள் கணக்கைக் கொண்டு வேறு யாரையாவது ஏமாற்றினால், எந்தத் தேதியிலிருந்து அது உங்கள் கையில் இல்லை என்பதற்கு அந்தப் புகார்தான் சான்று.

கடலூரா, புதுச்சேரியா?

சம்பவம் அரியாங்குப்பத்தில் நடந்தது, கணக்கு புதுச்சேரியில், நீங்கள் இருப்பது தமிழ்நாட்டில். இரண்டும் வேறு வேறு காவல்துறை என்பதால், எல்லையைக் காட்டி அங்கே போ, இங்கே போ என்று யாராவது சொல்லக்கூடும் என்று நீங்கள் அஞ்சலாம். 1930 இரண்டு இடத்துக்கும் ஒரே எண். `cybercrime.gov.in` தளத்திலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரைக் குறிப்பிட்டே பதிவு செய்யலாம். நேரில் போவதென்றால் கடலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவின் எண்ணைப் பணிவாகக் குறிப்பிடுங்கள்.

எடுத்துக்கொண்டு போகவேண்டியது உங்கள் கைபேசி, வங்கி அறிக்கை, அடையாள அட்டை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். பயத்தில் பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான், மகனிடம் உடனே சொல்லுங்கள். அனுப்பியவர் எண் தெரியும்படியும், இணைப்பின் முகவரி முழுதாகத் தெரியும்படியும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அந்த இணைப்பை மீண்டும் திறக்காதீர்கள். பணம் போன யுபிஐ முகவரியையும் அதில் காட்டிய பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குரியவர் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவராக இருக்கலாம். ஆனால் விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.

மகனையும் உடன் அழைத்துப் போங்கள். என்ன அழுத்தினான், எந்த வரிசையில் என்று சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். போவதற்கு முன், அவனுடன் விளையாடும் நண்பர்களுக்கு உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்தே ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்: "என் ஐடி என் கையில் இல்லை. அதிலிருந்து பரிசு, இணைப்பு, பணம் எது கேட்டு வந்தாலும் நான் அனுப்பியது அல்ல." திருடப்பட்ட ஐடியிலிருந்து அடுத்த இணைப்பு போவது வழக்கமாக அவர்களுக்குத்தான்.